பிடித்துவைக்கும் மண்ணும் கொடுக்கும் மண்ணும்

மூன்று பாட்டில்களில் மணல், களிமண், கலப்பு மண் மூன்றையும் நிரப்பி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, அடியில் எவ்வளவு சொட்டுகிறது என்று பார்ப்பது நடுநிலைப் பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் சோதனை. செலவு கிடையாது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மணலில் தண்ணீர் ஓடிவிடும், களிமண்ணில் தங்கிவிடும், கலப்பு மண் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கரும்பலகையில் மூன்று எண்களை எழுதி, ‘களிமண்ணே அதிக நீரைப் பிடித்துவைக்கிறது’ என்று அடிக்கோடு போட்டால் பாடம் முடிந்தது.

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும். “அப்படின்னா களிமண்ணுதானே டீச்சர் செடிக்கு நல்லது? புத்தகத்துல ஏன் கலப்பு மண்ணு நல்லதுன்னு போட்டிருக்கு?”

மிகச் சரியான கேள்வி இது. அந்தச் சோதனையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது என்பதை மட்டுமே அது அளந்தது. பிடித்ததில் எவ்வளவு நீரைச் செடிக்குக் கொடுக்கிறது என்பது வேறு அளவு. அதை அளக்கவும் அதே பாட்டில்கள் போதும். கூடவே கொஞ்சம் பாசிப்பயறும், சமையலறைத் தராசு ஒன்றும், சில வாரப் பொறுமையும் வேண்டும். சோதனையின் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. எனக்கு அதுதான் முதன்மையான பாதியாகத் தோன்றுகிறது.

மண்ணைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குவோம். தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், மூன்று மண்ணும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கின்றன. திருச்செந்தூர், உடன்குடி பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். இரண்டுக்கும் இடையே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாக ஓடும் தாமிரபரணி கொண்டுவந்து படியவைத்த மண், வாழைத் தோட்டங்களின் மண். மணல், வண்டல், களி மூன்று துகளும் கலந்த இப்படிப்பட்ட மண்ணை விவசாயிகள் இருமண்பாடான மண் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதைக் கலப்பு மண் என்றே சொல்கிறேன்.

நிறத்தை வைத்து மண்ணை முடிவு செய்யக் கூடாது. தேரி மணலைப் பார்க்கிறவர்கள் சிவப்பாக இருப்பதால் செம்மண் என்று நினைத்துவிடுவார்கள். மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் வந்த நிறம் அது. உள்ளே இருப்பது மணல்தான். அதனால் பாட்டிலில் போடுவதற்கு முன் கையால் ஒரு சோதனை. ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மாவுபோலப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பட்டையாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மணல் உருண்டையாகவே நிற்காது, உதிர்ந்துவிடும். கலப்பு மண் உருண்டையாகும். ஆனால் பட்டை இரண்டரை சென்டிமீட்டருக்குள் உடைந்துவிடும். களிமண்ணில் பட்டை ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியும் அறுபடாமல் தொங்கும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சிறு கரண்டி விட்டு, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி மேசைமேல் அசையாமல் வைத்துவிடலாம். ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் பிரிவதற்குத்தான் அந்தத் திரவம். ஒரு நிமிடத்துக்குள் படிவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். அதற்குப் பிறகும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருப்பது களித் துகள். அது அடங்க ஒரு நாள் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். பாட்டிலின் பக்கவாட்டில் ஒவ்வொரு நேரத்திலும் கோடு போட்டு வைத்தால், மண்ணுக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். மணலும் வண்டலும் ஏறத்தாழச் சமமாகவும், களி அவற்றில் பாதி அளவாகவும் இருந்தால் நல்ல கலப்பு மண் கையில் இருக்கிறது.

மணல் வேண்டுமென்று கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு வாளி அள்ளிவரச் சொல்வது எளிது. ஆனால் இன்று அங்கே கிடப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்யும் அந்த மணலில் கல்தூள் நிறைய இருக்கும். அந்தத் தூள் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு, மணலையே கலப்பு மண்போல நடக்க வைத்துவிடும். வேறு மணல் கிடைக்காவிட்டால், கலங்கல் போகும்வரை வாளியில் நாலைந்து முறை அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம். கடற்கரை மணலையும் அப்படியே உப்புப் போக அலச வேண்டும். இல்லையென்றால் பின்னால் பயறு போடும்போது சிக்கலாகும்.

மூன்று மண்ணையும் சாக்கில் பரப்பி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் எல்லாமே தவறிப்போகும். பாதி ஈரமாக உள்ள மண் ஏற்கெனவே நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. நாம் ஊற்றுவதில் அதற்குக் கொஞ்சமே தேவைப்படும், மீதியை விட்டுவிடும். அதைப் பார்த்து ‘இந்த மண் குறைவாகப் பிடிக்கிறது’ என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். காய்ந்த பின் கட்டிகளைத் தட்டி உடைத்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். கரிசல் கட்டி லேசில் உடையாது. அதை உடைக்கும்போதே பிள்ளைகளுக்கு அந்த மண்ணைப் பற்றி ஏதோ ஒன்று புரியத் தொடங்கிவிடும்.

இனி பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அடியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். இந்த வேலையை ஆசிரியர் செய்வது நல்லது. வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிட்டால் கை கீறாது. மேல் பாதியின் மூடியைக் கழற்றிவிட்டு, வாயில் பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, தலைகீழாக அடிப் பாதியின்மேல் உட்கார வைக்க வேண்டும். மேலே புனல், கீழே சொட்டும் நீருக்கான பாத்திரம். துணியே கொஞ்சம் நீரைக் குடித்துவிடும் என்பதால், முதலிலேயே நனைத்துப் பிழிந்து கட்டிவிட வேண்டும்.

ஒவ்வொன்றிலும் 300 மி.லி. மண். எடையில் சமமாகப் போடுவதா, கன அளவில் சமமாகப் போடுவதா என்ற கேள்வி இங்கே வரும். 300 மி.லி. மணல் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். சலித்த கரிசல் அவ்வளவு இராது, பொலபொலவென்று இடத்தை அடைக்கும். செடியின் வேர் பரவுவது இடத்தில்தான் என்பதால், நான் கன அளவையே எடுத்துக்கொள்வேன். எடையையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். போட்ட பிறகு பாட்டிலை மேசையில் மெதுவாகப் பத்து முறை தட்டி மண்ணை அமர வைக்க வேண்டும். மூன்றையும் ஒரே மாதிரி தட்ட வேண்டும்.

அளவுசாடியில் 200 மி.லி. தண்ணீர் எடுத்து, மண்ணின் நடுவில், சிறிது சிறிதாக ஊற்றலாம். பாட்டிலின் ஓரமாக ஊற்றினால் பிளாஸ்டிக் சுவருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் தண்ணீர் மண்ணைத் தொடாமலே இறங்கிவிடும். முதல் சொட்டு விழுந்த நேரம், பத்து நிமிடத்தில் சேர்ந்த அளவு, அரை மணியில் சேர்ந்த அளவு, மறுநாள் காலையில் சேர்ந்த அளவு என்று நான்கு குறிப்புகள் வேண்டும். இரவில் ஆவியாகாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போட்டு வைக்கலாம்.

மறுநாள் வரை காத்திருப்பது மிக முக்கியம். ஏனென்றால் அரை மணியில் பார்த்தால் கரிசலின் மேலே குளம்போலத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். கீழே சொட்டு ஏதும் இராது. ‘200 மில்லியையும் களிமண் பிடித்துவைத்துவிட்டது’ என்று உடனே எழுதிவிடுவார்கள். மேலே தேங்கி நிற்பது மண் பிடித்த நீர் ஆகாது. அது இறங்க வழியில்லாமல் காத்திருக்கிறது, அவ்வளவே. நீர் இறங்கும் வேகம் ஒன்று, மண்ணுக்குள் தங்கும் அளவு இன்னொன்று. இரண்டையும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியாக எழுதவைத்தால் பிள்ளைகள் தாமாகவே பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வார்கள்.

சில சமயம் இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கரிசலைச் சலிக்காமல் கட்டி கட்டியாகப் போட்டிருந்தால், மணலைவிட வேகமாகக் கரிசலில் தண்ணீர் ஓடி இறங்கும். கட்டிகளுக்கு இடையிலுள்ள பெரிய சந்துகள் வழியாக அது போய்விடும், கட்டியின் உள்ளே காய்ந்தே கிடக்கும். சோதனை கெட்டுவிட்டது என்று வகுப்பு கவலைப்பட வேண்டியதில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டில் முதல் மழை பெய்யும்போது நடப்பதும் இதுதான். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும். பிறகு களி ஊறி உப்பி வெடிப்பு மூடிக்கொண்டதும், மேலே வழிய ஆரம்பிக்கும். முடிந்தால் கட்டிக் கரிசலை ஒரு பாட்டிலிலும் சலித்ததை இன்னொன்றிலும் வைத்துக் காட்டலாம்.

மறுநாள் காலைக் கணக்கு எளிமையானது. ஊற்றியதில் சேர்ந்ததைக் கழித்தால் தங்கியது. ஒரு மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: மணலில் 80, கலப்பு மண்ணில் 125, கரிசலில் 155 மில்லி தங்கியிருக்கிறது. உங்கள் மண்ணில் எண்கள் மாறும். வரிசை பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

ஏன் இந்த வரிசை? மணல் துகளின் குறுக்களவு சுமார் இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை. களித் துகளோ ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்குக்கும் கீழே. துகள் சிறுக்கச் சிறுக்க, ஒரே எடையில் துகள்களின் எண்ணிக்கையும் அவற்றின் மொத்தப் பரப்பும் பெருகிக்கொண்டே போகும். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. அந்தத் தகடுகளின் உட்பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர் வரும். தண்ணீர் ஒட்டிக்கொள்வது அந்தப் பரப்பில்தான். மணலில் பரப்பு குறைவு, இடைவெளிகள் பெரியவை. பெரிய இடைவெளியில் நிற்கும் நீரைப் புவியீர்ப்பு சுலபமாக இழுத்துவிடும். நுண்ணிய இடைவெளியில் நிற்கும் நீரைச் சுற்றியுள்ள துகள்கள் எல்லாப் பக்கமும் பற்றிக்கொண்டிருப்பதால் அது கீழே விழாது.

பின் பெஞ்சுக் கேள்விக்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. புவியீர்ப்பால் இழுக்க முடியாத நீரைச் செடியின் வேர் இழுக்க வேண்டும். துகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, வேரும் அவ்வளவு பலமாக உறிஞ்ச வேண்டும். ஓர் அளவுக்கு மேல் வேரால் முடியாது. பயிர் வாடிவிடும். பயிர் மீளாமல் வாடும் அந்த எல்லை சுமார் 15 வளிமண்டல அழுத்தம் என்று மண்ணியலார் எடுத்துக்கொள்கிறார்கள். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல ஏழு மடங்கு. ஒரு பயிரின் வேர் அவ்வளவு இழுக்கும் என்பதே வியப்பு. அதற்கும் அசையாத நீர் களிமண்ணில் நிறைய இருக்கிறது.

இதை அளக்கும் வழியை அமெரிக்க வேளாண் துறையில் வேலை செய்த லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷாண்ட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். சிறு பாத்திரங்களில் செடி வளர்த்து, மண்ணின் மேற்பரப்பை மெழுகால் மூடிவிடுவார்கள். செடி வழியாக மட்டுமே நீர் வெளியேற முடியும். செடி வாடியதும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை அளப்பார்கள். பலவகைப் பயிர்களை வைத்துச் செய்து, 1912-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு அக்காலத்தில் எதிர்பாராதது. எந்தப் பயிராக இருந்தாலும் ஒரே மண்ணில் ஏறக்குறைய ஒரே ஈரத்தில்தான் வாடியது. மண்ணை மாற்றினால் அந்த எல்லை வெகுவாக மாறியது. வாடும் நேரத்தில் மண்ணில் எவ்வளவு நீர் மிஞ்சும் என்பதைப் பயிரைவிட மண்தான் முடிவு செய்கிறது.

வகுப்பறையில் மெழுகு வேண்டாம், பாசிப்பயறு போதும். நீர் வடிந்த மூன்று பாட்டில்களிலும், இரவு ஊறவைத்த பயறில் ஐந்து விதைகளை ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். முளைத்து நிமிர்ந்த பின் நல்ல மூன்று நாற்றுகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். உண்மையான இலைகள் விரியும் வரை, ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள், அளவாகத் தண்ணீர் விட்டு வளர்க்கலாம். கரிசல் பாட்டிலில் மட்டும் கை தாராளமாகிவிடக் கூடாது. அங்கே காற்றுக்கு இடம் குறைவு, சிறிது அதிகமானாலும் வேர் மூச்சுத் திணறி இலை மஞ்சளாகிவிடும். அதை வாட்டமென்று எழுதிவிடக் கூடாது.

பிறகு ஒரு நாள் மூன்றுக்கும் நிறையத் தண்ணீர் விட்டு, மறுநாள் வரை வடியவிட்டு, மேல் பாட்டிலைச் செடியோடு தராசில் வைத்து எடை எழுத வேண்டும். அதோடு தண்ணீர் நிறுத்தம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை எழுதினால் போதும்.

மதிய வெயிலில் இலை தொங்கிவிட்டால் உடனே ‘வாடிவிட்டது’ என்று முடிவு செய்யக் கூடாது. அன்று மாலை பாட்டிலை நிழலுக்கு மாற்றி, செடியைப் பெரிய பிளாஸ்டிக் உறையால் மூடி வைக்க வேண்டும். காலையில் நிமிர்ந்திருந்தால் அது தற்காலிக வாட்டம். வேர் இரவு முழுவதும் இழுத்து ஈடுகட்டியிருக்கிறது. காலையிலும் தொங்கினால் அதுவே நிரந்தர வாட்டம். அந்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் மணல் செடி வாடுவதே வழக்கம். வாடிய பின் அந்த மணலை அள்ளிப் பார்த்தால் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிரும். அதில் ஈரமே இல்லை. பல நாள் கழித்துக் கரிசல் செடியும் வாடும். அப்போது அந்த மண்ணைக் கிளறித் தொட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். உள்ளே குளிர்ச்சியாக, தொட்டால் தெரியும் ஈரத்தோடு இருக்கும். “ஈரமாத்தானே சார் இருக்கு, அப்புறம் ஏன் வாடிடுச்சு?” என்று கேட்பார்கள். மூன்று வாரப் பாடமும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

எடையிலிருந்து கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். வாடிய அன்றைய எடையிலிருந்து பாட்டிலின் எடை, வெயிலில் காய்ந்த மண்ணின் எடை, சிறு செடிகளின் எடை மூன்றையும் கழித்தால், மண் கொடுக்க மறுத்த நீர் கிடைக்கும். முந்தைய மாதிரியிலேயே தொடர்ந்தால், மணலில் 10 மில்லி, கலப்பு மண்ணில் 35, கரிசலில் 65 மிஞ்சியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 80 மில்லி பிடித்த மணல் 70 மில்லியை விட்டுக்கொடுத்திருக்கிறது. 125 பிடித்த கலப்பு மண் 90 கொடுத்திருக்கிறது. 155 பிடித்த கரிசலும் அதே 90-தான் கொடுத்திருக்கிறது. முப்பது மில்லி கூடுதலாகப் பிடித்தும் செடிக்கு ஒரு சொட்டுகூடக் கூடுதல் இல்லை. வெயிலில் காய்ந்த கரிசலுக்குள்ளேயே தராசுக்குத் தெரியாத ஈரம் இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கும் என்பதையும் சேர்த்தால், அது கொடுக்க மறுப்பது உண்மையில் இன்னும் அதிகம்.

கூர்மையான மாணவி ஒருத்தி இங்கே இன்னொரு சந்தேகத்தை எழுப்பக்கூடும். மணலும் 70 மில்லி கொடுக்கிறதே, மற்றவற்றுக்குப் பெரிதாகச் சளைக்கவில்லையே? அப்படியானால் தேரிக்காட்டில் ஏன் வாழை போட முடியவில்லை?

இந்த இடத்தில் பாட்டில் நம்மை ஏமாற்றுகிறது. குளிக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் முழுக்க நனைத்து, தட்டையாகப் படுக்கவைத்துப் பிடித்தால் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நிற்கும். சொட்டு நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், மறுபடியும் தண்ணீர் ஓடும். ஸ்பாஞ்ச் மாறவில்லை, அதன் உயரம்தான் மாறியது. பாட்டிலின் அடியில் மண் முடிந்து காற்று தொடங்குகிறது. அந்த எல்லையைத் தாண்டி நீர் சொட்ட வேண்டுமானால், அடி மண் முழுக்க நிரம்பி வழியும் நிலைக்கு வர வேண்டும். அதனால் எந்தப் பாட்டிலிலும் அடிப் பகுதியில் சில சென்டிமீட்டர் மண் நீரில் நிறைந்தே நிற்கும். பத்து சென்டிமீட்டர் உயரமே உள்ள நம் பாட்டிலில் அந்தப் பகுதி பெரிய பங்கு. தேரிக்காட்டில் பல மீட்டர் ஆழத்துக்கு மணல் தொடர்ச்சியாக இருப்பதால் நீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். பாட்டில் மணலைவிட நிலத்து மணல் மிகக் குறைவாகவே பிடித்துவைக்கும். களிமண்ணில் இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. பூந்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் அடியில் கூழாங்கல் போட்டாலும் வடிகால் மேம்படுவதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. நிறைந்து நிற்கும் பகுதி கல்லுக்கு மேலே ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பாட்டிலில் அளந்த எண்ணை வயலுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. வயலுக்கு மண்ணியலார் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகள் வேறு. நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வடிந்த நிலையில், மணலின் கன அளவில் சுமார் 10 விழுக்காடு நீர் நிற்கும். அதில் 5 விழுக்காட்டைப் பயிரால் எடுக்க முடியாது. கலப்பு மண்ணில் நிற்பது சுமார் 28, எடுக்க முடியாதது 14. களிமண்ணில் நிற்பது சுமார் 42, எடுக்க முடியாதது 30. கழித்துப் பார்த்தால் பயிருக்குக் கிடைப்பது மணலில் 5, கலப்பு மண்ணில் 14, களிமண்ணில் 12. அதிகம் பிடித்தது களிமண், அதிகம் கொடுத்தது கலப்பு மண்.

இந்த விழுக்காட்டை நாட்களாக மாற்றிவிட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே புரியும். பயிரின் வேர் 30 செ.மீ. ஆழம் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில் மணல் கொடுக்கும் நீர் 15 மி.மீ., கலப்பு மண் கொடுப்பது 42, களிமண் கொடுப்பது 36. நம் ஊர் வெயிலில் வளர்ந்த பயிர் ஒரு நாளைக்குச் சுமார் 5 மி.மீ. செலவழிக்கும் என்று எடுத்தால், மணலில் மூன்றாம் நாள் கணக்கு தீர்ந்துவிடும். களிமண்ணில் ஏழு நாள், கலப்பு மண்ணில் எட்டு நாள் தாங்கும். நடைமுறையில் பாதி தீரும்போதே தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள். அதனால் மணல் நிலத்துக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போட வேண்டியிருக்கும்.

அப்படியானால் வாய்க்கால் பாசனம் இல்லாத விளாத்திகுளம் கரிசலில் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் எப்படி விளைகின்றன? அங்கே விடை ஆழத்தில் இருக்கிறது. ஆழமான கரிசலில் வேர் ஒரு மீட்டர் வரை போக முடியும். அப்போது அதே 12 விழுக்காடு 120 மி.மீ. ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை அந்த ஆழத்தை ஒருமுறை நிரப்பிவிட்டால், மழை நின்ற பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் பயிர் அதை வைத்தே ஓட்டிவிடும். ஆனால் அந்த மழை பெரிதாக இருக்க வேண்டும். காய்ந்த கரிசல் முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே பயிருக்கு விடும். சிறு தூறல் முழுவதும் அந்தப் பங்கிலேயே தீர்ந்துபோகும். மானாவாரி விவசாயி ஒரு தூறலைப் பார்த்து விதைப்பெட்டியைத் தூக்கிவிடாமல், உழவு மழைக்குக் காத்திருப்பது இதனால்தான். அதே தூறல் மணலில் விழுந்தால் பெரும்பகுதி பயிருக்குக் கிடைக்கும், ஆனால் தங்குவது சில நாளே. தேரியில் பனை நிற்பதும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். மேலே நிற்காமல் இறங்கிப்போன நீரைத் தேடி அதன் வேரும் ஆழத்துக்குப் போகிறது.

நேரம் இருக்கும் வகுப்புக்கு நான்காவதாக ஒரு பாட்டிலும் வைக்கலாம். கோடையில் வற்றிய கண்மாயிலிருந்து வண்டல் மண்ணை வண்டி வண்டியாக அள்ளி மேட்டு நிலத்தில் கொட்டுவது நம் விவசாயிகளின் பழைய வழக்கம். அதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு கண்மாய் வண்டலைச் சலித்து, காய்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து, அதே 300 மி.லி. எடுத்து, அதே 200 மி.லி. தண்ணீர் ஊற்றி, அதே பயறை ஊன்ற வேண்டும். கலக்காமல் மணலின்மேல் வண்டலை அடுக்காகப் பரப்பினால் நீர் மேலேயே நின்றுவிடும். உழுது கலப்பது ஏன் என்று அதை வைத்தே காட்டலாம். கண்மாய்க்குக் கண்மாய் வண்டல் வேறுபடும். சிலவற்றில் மணலே பாதி இருக்கும், சிலவற்றில் உப்பு இருக்கும். எனவே முதலில் விரலால் பட்டை தள்ளிப் பார்த்து, குலுக்கிப் படியவைத்து அளந்துகொள்ள வேண்டும். மணலும் வண்டலும் கலந்த இந்தப் பாட்டிலின் செடி வெறும் மணலின் செடியைவிட எத்தனை நாள் தள்ளி வாடுகிறது என்று எழுதிவந்தால், அந்த ஊர்க் கண்மாயிலிருந்து எத்தனை வண்டி மண் அடித்தால் பலன் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களோடு பேச ஒரு எண் பிள்ளைகளின் கையில் இருக்கும்.